பிரசவத்துக்குப் பிறகு முதல் மோஷன்: தையல் பிரியுமா, மூலம் வருமா? டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்க வேண்டியது என்ன?

இந்தியாவில் 100 பிரசவங்கள் நடந்தால், அதில் கிட்டத்தட்ட 89 மருத்துவமனையில் நடக்கின்றன. பிரசவமான 2 நாட்களுக்குள் ஒரு சுகாதாரப் பணியாளர் பார்த்துக் கவனித்த தாய்மார்கள் 78 சதவீதம். இரண்டுமே 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின் எண்கள்.

இந்த எண்களை அடிக்கடி எடுத்துப் பார்ப்பவள் என்ற முறையில் என் கண்ணை உறுத்துவது அந்த '2 நாள்' என்ற எல்லைதான். சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால், பிரசவத்துக்குப் பிறகான முதல் மோஷன் பலருக்கும் வருவது 2-வது நாளிலிருந்து 4-வது நாளுக்குள். அதாவது நர்ஸ், டாக்டர் எல்லாரும் பக்கத்தில் இருக்கும்போது இந்தப் பிரச்னை வருவதில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காரும்போதுதான் வருகிறது. "தையல் பிரிஞ்சிடுமோ?" என்ற பயமும் அங்கேதான் தொடங்குகிறது.

இதை அம்மாவிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் நிறைய. அதனால் நேராகவே பேசிவிடுவோம்.

முதலில் தையலைப் பற்றி

சுகப்பிரசவத்தில் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையே இருக்கும் பகுதி தானாகக் கிழியலாம், அல்லது குழந்தை வெளியே வர வசதியாக டாக்டர் அங்கே வெட்டலாம். எல்லாருக்கும் வழக்கமாக வெட்ட வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது. நம் ஊரில் பல இடங்களில், குறிப்பாக முதல் பிரசவம் என்றால், இன்னும் வெட்டுகிறார்கள்.

கிழிசலை 4 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் தோல் மட்டும். 2-ம் நிலையில் தோலுக்கு அடியில் உள்ள தசையும் சேர்ந்து கிழிந்திருக்கும். டாக்டர் போடும் வெட்டும் வழக்கமாக இந்த ஆழத்தில்தான் இருக்கும். 3, 4-ம் நிலைகளில் ஆசனவாயை இறுக்கி வைத்திருக்கும் தசை வரை கிழிசல் போய்விடும். 3, 4 குறைவான பேருக்கே வரும். பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றுதான்.

முதல் இரண்டு நிலைகளில் தையல் ஆசனவாய்த் தசையைத் தொடுவதே இல்லை. அடுக்கடுக்காகப் போட்ட தையல் அது. மென்மையான மலம் வெளியேறுவதால் அது பிரியாது. தொல்லை தருவது வேறு இரண்டு: இறுகிப்போன மலத்தை மூச்சைப் பிடித்து முக்குவது, தையலில் கிருமித் தொற்று. பயத்தில் அடக்கி வைத்தால் முதலாவது நிச்சயம் வந்து சேரும். ஏனென்றால், மலம் குடலில் தங்கும் ஒவ்வொரு மணி நேரமும் குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதன்கிழமை சுலபமாகப் போயிருக்கக்கூடியது வெள்ளிக்கிழமை கல்லாகிவிடும்.

உங்களுக்குப் போட்டது எந்த நிலைத் தையல் என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதியிருப்பார்கள். 'தேர்ட் டிகிரி', 'ஃபோர்த் டிகிரி' என்று இருந்தால் உங்களுக்கான விதிகள் கொஞ்சம் வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஏன் இப்படிக் கட்டிக்கொள்கிறது?

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். பெயர் மீனா, 26 வயது, முதல் குழந்தை. திங்கள்கிழமை அதிகாலை பிரசவம், 2-ம் நிலைத் தையல். புதன்கிழமை டிஸ்சார்ஜ். கையில் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, வலி மாத்திரை. வெள்ளிக்கிழமை வரை மோஷன் போகவில்லை.

மீனாவின் குடல் கர்ப்பகாலத்திலேயே மெதுவாகிவிட்டது. புரொஜெஸ்டரோன் ஹார்மோன் குடல் தசைகளைத் தளர்த்திவிடுவதால் அப்படி ஆகும். பிரசவ வலி எடுத்த நேரத்தில் பல மணி நேரம் சாப்பிடவில்லை. தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. அதனால் முதல் 2 நாள் மோஷன் வராதது இயல்பு. உள்ளே வெளியேற அதிகம் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதுதான் சிக்கல். "பச்ச உடம்புக்காரி, தண்ணி நெறைய குடிச்சா வயிறு தொப்பை போட்டுடும்" என்று டம்ளரை எண்ணிக் கொடுப்பார்கள். பத்தியம் என்று காலையில் இட்லி, மதியமும் இரவும் வெள்ளைச் சாதத்துக்குப் பூண்டுக் குழம்பு, இடையில் பாலும் ரஸ்க்கும். பழம் கொடுத்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும், கீரை கொடுத்தால் குழந்தைக்கு வயிறு போகும் என்று இரண்டும் கிடையாது. வட இந்தியாவில் இதே இடத்தில் நெய்யும் பிசினும் சேர்த்த லட்டு, ஓம தண்ணீர் என்று வேறு பட்டியல் இருக்கும். அங்கும் வெறும் தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் வீடுகள் உண்டு.

மீனாவின் பத்தியத் தட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். தீட்டிய வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராம்கூட இல்லை. இரண்டு வேளைச் சாதத்துக்கு 200 கிராம் அரிசி என்று வைத்தால் 5 முதல் 6 கிராம். 3 இட்லிக்கு 3 கிராம். பூண்டு, ரஸ்க் எல்லாம் சேர்த்து 2 கிராம். மொத்தம் 10, 11 கிராம்தான் தேறும்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் மோசம். தாய்ப்பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கியதும் ஒரு நாளைக்கு 700, 800 மி.லி. வரை போகும். அதில் பெரும்பகுதி தண்ணீர். உள்ளே வருவதைக் குறைத்துவிட்டு, வெளியே போவது கூடும்போது, உடம்பு அந்தக் குறையைக் குடலில் இருந்துதான் ஈடுகட்டும்.

இதற்கு மேல் மாத்திரைகள். பிரசவத்துக்குப் பிறகு 180 நாட்களுக்குத் தினமும் 60 மி.கி. இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை என்பது அரசின் திட்டம். கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல், அதாவது 52.2 சதவீதம் பேர், ரத்தசோகையோடு இருக்கும் நாட்டில் அது தேவையும்கூட. ஆனால் இரும்பு மாத்திரை மலத்தை இறுக்கும், கறுப்பாகவும் ஆக்கும். கால்சியமும் சிலருக்கு இறுக்கும். வலிக்கு டிரமடால் போன்ற மாத்திரை கொடுத்திருந்தால் அது குடலை இன்னும் மந்தமாக்கும்.

மீனா என்ன செய்யலாம்?

முதலில் தண்ணீர். லிட்டர் கணக்கு நினைவில் நிற்காது. பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்துக்கொண்டால் போதும். பிறந்த குழந்தை நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு டம்ளர் 200 மி.லி. என்றால் அதுவே 2 லிட்டர் பக்கம் வந்துவிடும். வெதுவெதுப்பாகத்தான் கொடுப்பேன் என்று மாமியார் சொன்னால் சண்டை வேண்டாம், சூடோ சீரகத் தண்ணியோ எல்லாம் கணக்கில் சேரும். வயிறு தொப்பை போடுவதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை. கர்ப்பப்பை சுருங்கப் பல வாரம் ஆகும், விரிந்த வயிற்றுத் தசை இறுகவும் காலம் எடுக்கும்.

அடுத்தது சாப்பாடு. பத்தியத்தை முழுசாக உடைக்க வேண்டியதில்லை, நாலு மாற்றம் போதும். நடுத்தர அளவு கொய்யாப்பழம் ஒன்றில் சுமார் 8 கிராம் நார்ச்சத்து. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, 50 கிராம் அளவுக்கு, பூண்டோடு வதக்கினால் 4 கிராம். சாதத்தோடு ஒரு கிண்ணம் பாசிப்பருப்பு என்றால் 3 கிராம். இரவுச் சாதத்துக்குப் பதில் 2 கோதுமைச் சப்பாத்தி என்றால் கூடுதலாக 4 கிராம். பழைய 10 கிராமோடு சேர்த்தால் 29. முருங்கைக்கீரையும் பூண்டும் ஏற்கெனவே பத்தியச் சாப்பாட்டில் உள்ளவைதான் என்பதால் வீட்டில் எதிர்ப்பும் குறைவாக இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றினால் வயிறு உப்பும், 3, 4 நாளில் ஏற்றுங்கள். தண்ணீரைக் கூட்டாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் இறுக்கம் அதிகமாகும்.

ஆனால், உணவு மாற்றம் வேலை செய்யச் சில நாள் ஆகும். மீனாவுக்குப் பிரச்னை இந்த வெள்ளிக்கிழமை. அதற்குத்தான் மலமிளக்கி. மருத்துவர்கள் அதிகம் எழுதிக்கொடுப்பது லாக்டுலோஸ் சிரப். வழக்கமாக 15 மி.லி., ஒரு நாளைக்கு ஒரு முறை அல்லது இரண்டு முறை. அளவை உங்கள் டாக்டர் சொல்வார். இது குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால் பால் கொடுக்கும் அம்மாக்கள் சாப்பிடலாம். கொஞ்சம் வாயுத் தொல்லை இருக்கும். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், இது வேலை செய்ய 24 முதல் 48 மணி நேரம் ஆகும் என்பது. வெள்ளிக்கிழமை இரவு வாங்கினால் பலன் ஞாயிற்றுக்கிழமைதான். எனவே டிஸ்சார்ஜ் அன்றே, "மோஷன் இளகிப் போக மருந்து எழுதியிருக்கீங்களா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல பேருக்கு 3 நாள் அவஸ்தையை மிச்சப்படுத்தும்.

இசப்கோல் பரவாயில்லையா? முதல் இரண்டு நிலைத் தையல் என்றால் பயன்படுத்தலாம். ஒரு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரில், கலந்ததும் உடனே குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் தண்ணீர். அரை டம்ளரில் கலந்து குடித்தால் உள்ளே பசையாக நின்றுவிடும். 3, 4-ம் நிலை என்றால் டாக்டர் சொல்லாமல் இசப்கோல் வேண்டாம். அது மலத்தின் அளவைப் பெரிதாக்கும், தைத்த தசைக்கு அது நல்லதல்ல. அப்படிப்பட்டவர்களுக்கு எனிமாவும், ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரையும்கூட டாக்டரைக் கேட்காமல் கூடாது. விளக்கெண்ணெய் யாருக்கும் வேண்டாம். வயிற்றை முறுக்கிக்கொண்டு அவசரமாகப் போவது, புதுத் தையலோடு இருப்பவருக்குத் தேவையில்லாத தண்டனை.

இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மிகவும் தொந்தரவாக இருந்தால் வேறு வகைக்கு மாற்றித் தருவார்கள். கால்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது, கால்சியம் இரும்பை உடம்பில் சரியாகச் சேர விடாது.

கழிவறையில்

சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையத் தொடங்கும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்துப் போவது நல்ல நேரம். அந்த அரை மணி நேரம் குழந்தையை வேறு யாராவது வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து அறையில் குழந்தை அழுதுகொண்டிருந்தால் யாருக்கும் போகாது.

வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி, அல்லது கவிழ்த்த பிளாஸ்டிக் மக்கு மாதிரி ஏதாவது உறுதியானது வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். முழங்கை தொடையில், உடம்பு சற்றே முன்சாய்ந்து. இதில் மலக்குடலின் வளைவு நேராகி, முக்காமலே போகும். இந்தியன் டாய்லெட்டில் இந்த நிலை தானாகவே வந்துவிடும், ஆனால் முதல் வாரத்தில் உட்கார்ந்து எழுவதுதான் தையலை இழுக்கும், தலையும் சுற்றலாம். பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியோ வெளியே ஓர் ஆளோ வேண்டும். கடையில் கிடைக்கும் கமோடு நாற்காலியை ஒரு மாதத்துக்கு வாங்கி வைப்பது வீண் செலவில்லை.

அடுத்தது, பலருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்காதது. சுத்தமான ஒரு சானிட்டரி பேடையோ மடித்த துணியையோ உள்ளங்கையில் வைத்து, முன்பக்கமிருந்து தையல் இருக்கும் இடத்தில் லேசாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். 'பிரிந்துவிடும்' என்ற உணர்வு அந்தத் தாங்கலில் பெருமளவு குறையும். பிறகு வாயால் மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள், மெழுகுவர்த்தியை அணைக்காமல் ஊதுவது மாதிரி. மூச்சைப் பிடிக்க வேண்டாம். 10 நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். போனோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் மூலத்துக்குத்தான் வசதி.

கழுவும்போது முன்னிருந்து பின்னாக. ஹெல்த் ஃபாசெட்டைத் தையலில் வேகமாகப் பீய்ச்ச வேண்டாம், மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

அந்தக் கட்டி என்ன?

கழுவும்போது விரலில் மெத்தென்று ஏதோ படுகிறது என்றால், அது பெரும்பாலும் மூலம், அதாவது ஆசனவாயைச் சுற்றி வீங்கிய ரத்தக் குழாய். கர்ப்பப்பையின் கனமும், பிரசவத்தில் முக்கியதும் சேர்ந்து அதைப் புடைக்க வைத்திருக்கும். அரிக்கும், கனக்கும், மோஷனோடு பளிச்சென்று சிவப்பாகச் சில சொட்டு ரத்தம் வரலாம். மலம் இளகிப் போனால் பெரும்பாலும் சில வாரங்களில் சுருங்கிவிடும்.

கண்ணாடித்துண்டால் கீறுவது மாதிரி வலி, போன பிறகும் நெடுநேரம் எரிச்சல் என்றால் அது மூலம் இல்லை, ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். அதற்கான களிம்பு வேறு. திடீரென்று நீலமாக, திராட்சை போல இறுகிய கட்டி, உட்கார முடியாத வலி என்றால் மூலத்துக்குள் ரத்தம் உறைந்திருக்கிறது. இதை முதல் 3 நாட்களுக்குள் காட்டினால் சிறிய சிகிச்சையில் வலியைக் குறைக்க முடியும். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் தானாகவே 1, 2 வாரத்தில் அடங்கும்.

பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கும் இதே நாட்களில் இருப்பதால், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று குழப்பம் வரும். பின்பக்கம் மட்டும் தனியாக ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வீட்டு வைத்தியத்தில் மூலத்துக்கும் தையலுக்கும் பொதுவானது வெந்நீர்த் தொட்டி. அகலமான டப்பில் இடுப்பு மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடக் கூடாது. 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு 2, 3 முறை, ஒருமுறை மோஷன் போன பிறகு. உப்போ டெட்டாலோ வேண்டாம். டெட்டால் புதுத் தோலை எரிக்கும். முதல் ஓரிரு நாள் வீக்கத்துக்கு, துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் வைக்கலாம், நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ பால் கொடுப்பவர்களுக்கும் டாக்டர்கள் தருவது வழக்கம். மெடிக்கலில் 'பைல்ஸ் க்ரீம்' கேட்டு வாங்கும்போது, தையல் இருக்கிறது என்று சொல்லி வாங்குங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தையல் பக்கத்தில் அதைத் தடவ டாக்டரின் அனுமதி வேண்டும்.

சிசேரியன் ஆனவர்களுக்கு அந்த இடத்தில் தையல் இல்லை, ஆனால் மயக்க மருந்தாலும் வலி மருந்தாலும் மலச்சிக்கல் வரும். அவர்கள் தலையணையை வயிற்றுத் தையல் மேல் அணைத்துக்கொண்டு போகலாம். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது மலச்சிக்கல் இல்லை, உடனே மருத்துவமனை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

தையல் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். 4-வது நாளைவிட 7-வது நாள் அதிகமாக வலித்தால், தையலில் சீழோ துர்நாற்றமோ இருந்தால், வாய் பிளந்த மாதிரி தெரிந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றே காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால் 108. மோஷன் தார் போல ஒட்டும் கறுப்பில், நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் அதை இரும்பு மாத்திரையின் கறுப்பு என்று விட்டுவிடாதீர்கள். தையலே கரைந்து 1 முதல் 3 வாரத்தில் நூல் துண்டுகள் உதிர்வது மட்டும் இயல்பு.

இன்னொன்றைப் பலர் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. காற்று கட்டுப்பாடில்லாமல் பிரிவது, மோஷன் அடக்க முடியாமல் உள்ளாடையில் படுவது, பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வருவது. "குழந்தை பெத்தா அப்படித்தான்" என்று இதைச் சகித்துக்கொள்ளாதீர்கள். தசைக் கிழிசல் பிரசவ அறையில் கவனிக்கப்படாமல் போயிருக்கலாம். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது.

யாரிடம் சொல்வது என்றால், மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளைப் பார்க்க ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-வது நாட்களில் வீட்டுக்கு வர வேண்டும் என்பது தேசியத் திட்டம். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர். வருபவர்கள் குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். 3-வது நாள் வருகை, முதல் மோஷன் வரும் அதே நாட்களில்தான் விழுகிறது. "எனக்கு இன்னும் மோஷன் போகல, தையலையும் ஒரு தடவை பாருங்க" என்று அவரை நிறுத்திக் கேளுங்கள். 6-வது வாரச் செக்கப்பில் மூலம் இன்னும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தாலோ, ரத்தம் நிற்காமல் இருந்தாலோ அதையும் காட்டுங்கள்.